பாதியில் நின்ற பேச்சை மினிட்ஸில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் மினிட்ஸ் எழுதுவது நான்தான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே பாய்ந்ததில் முதலாமவர் பேச்சு அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்த அரை வாக்கியத்தை எழுதித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க வேண்டியது கூட்டத்தில் என்ன நடந்தது, என்ன முடிவானது என்பதுதான். கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கென்று கம்பெனிச் செயலாளர்கள் பின்பற்றும் எஸ்.எஸ்.-1 தரவிதியே, மினிட்ஸ் பேச்சை வரிக்கு வரி படியெடுத்ததாக இருக்கத் தேவையில்லை என்கிறது. அங்கேயே இல்லாத கட்டாயம் நம் மொட்டைமாடிக் கூட்டத்துக்கு எதற்கு?

ஆனால் அந்த அரை வாக்கியம் முடிவோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. “இந்த காண்ட்ராக்டர் எனக்கு உறவு—” என்று ஒருவர் ஆரம்பித்து, பேச விடாமல் கூச்சல் எழுந்து, அதே காண்ட்ராக்டருக்கு வேலை கொடுத்துத் தீர்மானம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதை விட்டுவிட்டால், அவர் உறவை மறைத்தார் என்று நாளைக்குப் பேச்சு வரும். அவரோ சொல்லத்தான் வாயெடுத்தார். ஆறு மாதம் கழித்து, அன்று அங்கே இல்லாத ஒருவர் தீர்மானத்தை மட்டும் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நானே முடித்து எழுதிவிட்டால் என்ன தப்பு?

வேறெந்தக் கேள்வியை விடவும் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் இந்தக் குழி கொஞ்சம் ஆழம். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா, யார் செய்தது, எப்போது செய்தது எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. “லிஃப்ட் ஒப்பந்தத்தை இந்த வருஷமும் அதே கம்பெனிக்குக் கொடுக்க—” என்று ஒருவர் நிறுத்தப்பட்டால், அடுத்து வரவிருந்தது ‘வேண்டும்’ ஆகவும் இருக்கலாம், ‘கூடாது’ ஆகவும் இருக்கலாம், ‘போன குழுவே முடிவு செஞ்சாச்சு’ ஆகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒருவர் மறுப்புச் சொன்னால் மறுப்பு வாக்கியத்தின் முன்பாதியிலேயே வெளியே வந்துவிடும். பின்பாதி போனாலும் அவர் எந்தப் பக்கம் என்பது தெரியும். நமக்கு அந்த வசதி கிடையாது.

முடிந்ததுபோலத் தோன்றும் வாக்கியம் இதைவிட மோசம். நான் மினிட்ஸ் எழுதப் பழகிய காலத்தில் ஒரு குடியிருப்புச் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். லிஃப்ட் கம்பெனிக்குக் கொடுத்த 2 லட்சம் ரூபாய் முன்பணம் பற்றிப் பேச்சு. பொருளாளர் எழுந்து, “முன்பணம் ரெண்டு லட்சத்தைச் செயற்குழு அனுமதி இல்லாமலே கொடுத்துட்டாங்க” என்றதுதான் தாமதம், முந்தைய செயலாளரின் மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கூச்சல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து, “செயற்குழு அனுமதியின்றி முன்பணம் வழங்கப்பட்டதாகப் பொருளாளர் குற்றம் சாட்டினார்” என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் அதைப் படித்ததும் பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொல்ல வந்தது, “கொடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பேச்சு ஓடுது, அது பொய், தீர்மானம் புத்தகத்துல இருக்கு” என்பது. ‘என்று’ என்ற சொல்லும் நமக்குக் கடைசியில்தான் வருகிறது. அது வருகிற வரை, ஒருவர் பேசுவது தன் கருத்தையா, ஊரார் பேச்சையா என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஒரு ‘ஆ’ சேர்ந்தால் கேள்வி. ‘ன்னா’ சேர்ந்தால் ‘அப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அவர் சொன்னது ‘தெரிந்திருந்தது’. எல்லாரும் தப்பாகவே தெரிந்து வைத்திருந்தோம். அவர் சொன்ன தீர்மானம் நான் கையில் வைத்திருந்த அதே புத்தகத்தில், சில பக்கங்கள் முன்னால் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குரலைக் கவனியுங்கள். வாக்கியம் முடியும்போது குரல் இறங்கும், ஆள் மூச்சு விடுவார். குரல் இறங்காமல் நின்றிருந்தால், இலக்கணப்படி முடிந்திருந்தாலும் அது முடியாத வாக்கியம்தான். இந்த அடையாளம் வீட்டுக்குப் போனபின் நினைவில் நிற்காது. அதனால் குறிப்பு நோட்டில் அந்த இடத்திலேயே ஒரு நெட்டுக்கோடு போட்டு, குறுக்கிட்டவரின் வீட்டு எண்ணைப் பக்கத்தில் எழுதிவிடுவேன். இப்போதும் அதுதான் பழக்கம்.

சரி, முடித்து எழுதக் கூடாது. பிறகு எந்த வார்த்தையில்தான் எழுதுவது?

மேலே சொன்ன அதே சம்பவத்தையே எழுதிப் பார்ப்போம். நான் அன்று எழுதியதில் ‘குற்றம் சாட்டினார்’ என்பது மட்டும் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டு ‘வழங்கப்பட்டதாகக் கூறினார்’ என்று மிதமாக்கினாலும் பிழை போகாது. பள்ளியில் படித்த அயற்கூற்றுதான் இங்கே வில்லன். ‘-ஆகக் கூறினார்’, ‘என்று கூறினார்’ என்று எழுத வேண்டுமானால் முன்னால் ஒரு முழு வாக்கியம் வேண்டும். அவர் முழு வாக்கியம் சொல்லவில்லை. எனவே நம் கை தானாகவே ஒரு வினைமுற்றைச் செய்து ஒட்டிவிடுகிறது. எழுதுபவருக்கே தெரியாமல் நடக்கும் காரியம் இது.

அந்தப் பக்கம் பயந்தவர்கள் இந்தப் பக்கம் ஓடுவார்கள்: “முன்பணம் பற்றிப் பொருளாளர் தம் கருத்தைத் தெரிவித்தார்.” யாருக்கும் வம்பில்லை, ஆனால் உண்மையும் இல்லை. அவர் கருத்தைத் தெரிவிக்கவே முடியவில்லை என்பதல்லவா நடந்தது? “பொருளாளரைப் பேச விடாமல் தடுத்தனர்” என்பது இன்னொரு கோடி. அது நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல் தீர்ப்பும் சொல்கிறது.

இன்றைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“லிஃப்ட் நிறுவனத்துக்கு வழங்கிய ரூ. 2,00,000 முன்பணத்துக்கான செயற்குழு அனுமதி தொடர்பாகப் பொருளாளர் பேசத் தொடங்கினார். அவர் பேசி முடிக்கும்முன் பி-12 வீட்டு உறுப்பினர் குறுக்கிட்டார். தலைவர் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டு, அடுத்த பொருளை எடுத்துக்கொண்டார். பொருளாளரின் பேச்சு முற்றுப்பெறவில்லை.”

இதில் ‘தொடர்பாக’ என்ற சொல்தான் பாரம் தாங்குகிறது. ‘தொடர்பாக’, ‘குறித்து’, ‘பற்றி’ ஆகியவற்றுக்கு முன்னால் பெயர்ச்சொல் போதும். ‘அனுமதி தொடர்பாக’ என்றால் அனுமதி இருந்தது என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. ‘அனுமதியின்மை குறித்து’ என்று எழுதிவிட்டால் மறுபடியும் குழிக்குள் விழுந்தோம். அடுத்தது ‘பேசத் தொடங்கினார்’. அதைப் படித்தவுடனேயே முடித்தாரா என்ற கேள்வி படிப்பவருக்கு வரும், பதில் கடைசி வரியில் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பிறகு அவர் முடித்திருப்பார், இவர்தான் எழுதவில்லை என்று நினைப்பார்கள்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் உள்விசாரணை. சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்கிறார்கள். வாக்கியம் நின்ற இடத்தில் மூன்று புள்ளியா, கோடா?

கோடு. மூன்று புள்ளி வைத்தால் தமிழ் வாசகர் இரண்டில் ஒன்றாக எடுத்துக்கொள்வார்: பேசியவரே இழுத்து விட்டுவிட்டார், அல்லது எழுதியவர் கொஞ்சத்தைத் தவிர்த்துவிட்டார். இரண்டாவது உங்களுக்கு ஆபத்து. எதை மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஹான்சார்டு பதிவிலும் பேச்சு வெட்டுப்பட்ட இடத்தில் நீண்ட கோடுதான். பேசியவர் தானே தயங்கி நிறுத்திய இடங்களுக்குப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, வெட்டுப்பட்ட இடங்களுக்குக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் இந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

பொருளாளர்: முன்பணம் ரெண்டு லட்சத்தைச் செயற்குழு அனுமதி இல்லாமலே கொடுத்துட்டாங்க—
பி-12 உறுப்பினர்: யாரைப் பார்த்துச் சொல்றீங்க?
(குறுக்கீடு)
தலைவர்: உட்காருங்க. அடுத்த பொருளுக்குப் போவோம்.

கோட்டுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். வைத்தால் வாக்கியம் முடிந்தது என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. ஒருவர் குறுக்கிட்டு அவர் சொன்னது தெளிவாகக் கேட்டால் அவர் பெயரில் எழுதுங்கள். பலர் ஒரே நேரத்தில் பேசி எதுவும் பிரியாவிட்டால் அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடு’ என்று போட்டால் போதும்.

பேச்சுவழக்கை எழுத்துவழக்காக மாற்றும் பழக்கம் இருந்தால், வெட்டுப்பட்ட சொல்லில் மட்டும் கை வைக்காதீர்கள். “நாங்க பணம் கொடுக்கல—” என்று காதில் விழுகிறது. ‘கொடுக்கவில்லை’ என்று திருத்திவிட கை துடிக்கும். அவர் ‘கொடுக்கலாம்னு இருக்கோம்’ என்று சொல்ல வந்து பாதியில் நின்றிருந்தால்? ‘ல’வா ‘லா’வா என்பது அந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்? கேட்ட எழுத்துவரை எழுதிக் கோட்டைப் போடுங்கள்.

குறுக்கிட்டவர் பெயரை எழுதினால் அவர் கோபித்துக்கொள்கிறார். எழுதலாமா?

அவர் குறுக்கிட்டதால் பேச்சு நின்றது என்றால் எழுதலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து ஏதோ சொன்னார், பேசியவர் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தார் என்றால் எழுத வேண்டியதில்லை. ஹான்சார்டிலும் இருக்கையிலிருந்து வரும் குரல்களுக்குப் பேசுபவர் பதில் சொன்னால்தான் பொதுவாக இடம் கிடைக்கும். கோபம் பெரும்பாலும் பெயரால் வருவதில்லை, நாம் சேர்க்கும் அடைமொழியால் வருகிறது. ‘ஆவேசமாக’, ‘தேவையில்லாமல்’ போன்றவற்றை எடுத்துவிட்டு ‘குறுக்கிட்டார்’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள்.

தலைவரே “போதும், உட்காருங்க” என்று நிறுத்திவிட்டார். அதுவும் குறுக்கீடுதானா?

இல்லை. பேச்சை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தலைவருக்கு உண்டு, எனவே அதை அவருடைய உத்தரவாகவே எழுதுங்கள்: “பேச்சை முடித்துக்கொள்ளும்படி தலைவர் கேட்டுக்கொண்டார், உறுப்பினர் அமர்ந்தார்.” காரணம் சொல்லியிருந்தால், அதாவது நேரம் ஆகிவிட்டது, பொருளுக்குத் தொடர்பில்லை என்றெல்லாம் அவர் வாயால் சொல்லியிருந்தால் அதையும் சேருங்கள். சொல்லாத காரணத்தை நீங்கள் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. டிவியில் பார்த்துப் பார்த்து, “அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்குங்க” என்று இப்போது எல்லாச் சங்கத்திலும் சத்தம் போடுகிறார்கள். மக்களவையில் அவதூறான, அநாகரிகமான, அவைக்கு ஒவ்வாத சொற்களை நீக்கச் சொல்லும் அதிகாரம் விதி 380-இன் கீழ் அவைத்தலைவருக்கு இருக்கிறது. நீக்கிய இடத்தை நட்சத்திரக் குறியிட்டு, தலைவர் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று அடியில் குறிக்க வேண்டும் என்கிறது விதி 381. நீக்கியதையும் மறைக்காமல் நீக்குவதுதான் அங்கே முறை. கம்பெனி என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 118(5) பிரிவின்படி, அவதூறானது, கூட்டத்துக்குத் தொடர்பற்றது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதை மினிட்ஸில் சேர்க்கக் கூடாது. உங்கள் சங்கத்தில் என்ன என்பதற்கு உங்கள் துணைவிதியைத்தான் பார்க்க வேண்டும். எதுவாயினும், நீக்கப்பட்ட பேச்சும் நின்றுபோன பேச்சும் ஒன்றல்ல. முன்னது சொல்லப்பட்டது, பின்னது சொல்லப்படவே இல்லை. நின்றுபோனதற்கு நட்சத்திரக் குறி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டார் என்று ஊரே நினைக்கும்.

“நான் இதை எதிர்க்கிறேன், ஏன்னா—” என்றபோதே கைதூக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அவர் பேச்சு முடியவில்லை என்பதால் எதிர்ப்பையும் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அவர் பேச்சில் காரணம்தான் முடியவில்லை, எதிர்ப்பு முடிந்துவிட்டது. “ஏ-4 உறுப்பினர் தீர்மானத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் காரணம் கூறி முடிக்கும்முன் வாக்கெடுப்பு நடந்தது” என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இயக்குநர் குழு என்றால் இது சட்டக் கடமையே. தீர்மானத்தை ஏற்காத இயக்குநர்களின் பெயர் மினிட்ஸில் இருக்க வேண்டும் என்று 118(4) சொல்கிறது. காரணத்தைக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கிறது. பின்னாளில் அந்த முடிவால் சிக்கல் வந்தால், அன்று ஏற்காதவர் யார் என்று தேடுவார்கள். வாக்கெடுப்பில் அவர் கை தூக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை என்றால், கூட்டம் கலைவதற்கு முன்பே அவரிடம் போய், “உங்களை எதிர்ப்பு என்று எழுதட்டுமா?” என்று தலைவர் காதில் விழும்படி கேட்டுவிடுவது நல்லது.

கூட்டம் முடிந்து இரவு வாட்ஸ்அப்பில் முழு வாக்கியத்தையும் அனுப்பி, “இதைத்தான் சொல்ல வந்தேன், மினிட்ஸில் சேர்த்துவிடுங்கள்” என்கிறார். சேர்க்கலாமா?

அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் சேர்க்க முடியாது. அவர் அதைச் சொல்ல வந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறொருவர் பதில் சொல்லியிருப்பார், வாக்குகூட மாறியிருக்கலாம். அவருக்கு இரண்டு வழி உண்டு. அடுத்த கூட்டத்தில் மினிட்ஸைப் படித்து உறுதி செய்யும்போது எழுந்து, சென்ற முறை முடிக்காமல் விட்டதை முடிக்கலாம். அது அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் முறையாக ஏறும். அல்லது கடிதமாகக் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் வைத்துக் கோப்பில் சேர்க்கலாம். நான் மேலே சொன்ன பொருளாளர் முதல் வழியில்தான் போனார். எனக்குக் கிடைத்த திட்டும் அந்த மினிட்ஸில் நாகரிகமான மொழியில் இருக்கிறது.

கம்பெனிகளில் இதற்குக் கெடு உண்டு. வரைவு மினிட்ஸ் 15 நாளுக்குள் இயக்குநர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்த 7 நாளில் “நான் சொன்னதைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்” என்று திருத்தலாம். “நான் சொல்லாததைச் சேருங்கள்” என்பது திருத்தம் ஆகாது. தம் கருத்தை வார்த்தைக்கு வார்த்தை பதிய வேண்டும் என்று ஓர் இயக்குநர் கேட்டால், பதிவதா வேண்டாமா என்பதில் தலைவர் முடிவே இறுதி.

பத்து நிமிஷம் கழித்து அதே கூட்டத்தில் விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டார். இரண்டையும் ஒட்டிவிடலாமா?

சுருக்க மினிட்ஸ் என்றால் தாராளமாக. முழுக் கருத்து கிடைத்துவிட்டபின் குறுக்கீட்டைப் பதிந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றே ஒன்று பாருங்கள்: இடையில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஒட்டாதீர்கள். வாக்களித்தவர்கள் பாதியைத்தான் கேட்டிருந்தார்கள். சொன்னபடியே எழுதும் பதிவிலோ எந்த நிலையிலும் ஒட்டக் கூடாது, அதது நடந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

செல்போனில் முழுக் கூட்டமும் பதிவாகியிருக்கிறது. இனி இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

பதிவு இருந்தால் எந்த இடத்தில் நின்றது, யார் முதலில் குறுக்கிட்டார், குரல் இறங்கியதா என்பதைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மிகவும் உதவும். ‘ல’வா ‘லா’வா என்பதுகூடச் சில நேரம் பிடிபடும். ஆனால் போன் மேசையில் தலைவர் பக்கம் இருக்கும், பின்வரிசையில் எழுந்தவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஒன்றுக்கு மேல் பேர் பேசிய இடத்தை மூன்று முறைக்கு மேல் நான் கேட்பதில்லை. நான்காவது முறை கேட்கும்போது, காது தனக்கு வேண்டியதைக் கேட்க ஆரம்பித்துவிடும்.